லாரிக்குப் பின்னாடி ஒரு 'பொருமை'

போன வருஷம் தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்குப் பின்னாடி முக்கால் மணி நேரம் மாட்டிக்கிட்டோம். முன்னாடி எங்கேயோ ஒரு வண்டி கவுந்துருச்சாம். இந்த மாதிரி நேரத்துல லாரி வாசகங்களை நோட்டுல எழுதிக்கிறது நம்ம பழக்கம் (வீட்டம்மா தலையில அடிச்சுக்குவாங்க, அது வேற விஷயம் :-))

பின்கதவு பச்சை. சுத்திலும் மஞ்சள் கரை, அதுக்குள்ள சிவப்புல வளைஞ்சு வளைஞ்சு போற கொடி, நாலு மூலையிலயும் தாமரை. மேலே 'முனியப்பன் துணை'. அதுக்குக் கீழே 'பொருமை கடலினும் பெரிது'. முதல் எழுத்து குண்டா, வாட்டசாட்டமா இருக்கு. போகப்போக இடம் பத்தாம ஒல்லியாகி, கடைசி 'து' கொடி மேலயே ஏறி உக்காந்திருக்கு. கரையை முதல்ல முடிச்சுட்டு, எழுத்தை அப்புறம்தான் எழுதியிருக்கார்னு அதுலயே தெரிஞ்சுது.

நெரிசல் விட்டதும் ஒரு டீக்கடையில அதே லாரி. டிரைவர்கிட்ட நோட்டைக் காட்டினேன். உத்துப் பார்த்துட்டு, "நம்ம வண்டில சின்ன 'ரு' இல்லீங்களா? நீங்க பெரிய 'று' போட்டிருக்கீங்களே சார்" என்றார்.

தூக்கிவாரிப் போட்டுச்சு. கை தானா திருத்தி எழுதியிருக்கு, எனக்கே தெரியலை.

"எல்லாரும் தப்புன்னுதான் சொல்றாங்க. ரோட்டுல நாங்க பொருமிக்கிட்டுத்தானே சார் கிடக்கோம், சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் எஃப்.சி., மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா அடிக்கணும்."

அவர் சொல்லாம இருந்திருந்தா அந்த 'பொருமை' எங்கேயுமே இருந்திருக்காது. வண்டியில பெயிண்டுக்கு அடியில போயிருக்கும், நோட்டுல என் இலக்கணத்துக்கு அடியில போயிருக்கும்.

அன்னையிலேருந்து முதல்ல எழுத்தெழுத்தா, வரி உடையற இடத்துலயே உடைச்சு எழுதிக்கிறேன். வாசிச்சு அர்த்தம் பார்க்கிறது அப்புறம்தான். அர்த்தம் புரிஞ்சுட்டா கண்ணு எழுத்தைப் பார்க்கிறதை நிறுத்திடுது. திருத்தம் தோணினா எதிர்ப்பக்கத்துல தனியா எழுதுவேன்.

இன்னும் ஒண்ணு மட்டும் பிடிபடலை. அந்தத் 'துணை'யில இருந்தது தும்பிக்கை வச்ச பழைய ணை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துல பாடப்புத்தகத்தை விட்டுப் போனது, லாரியில மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதுசுக்கும் ஒரே குறியீடுதான், எழுத்துருவை மாத்தினாத்தான் வடிவம் மாறும். அதனால இங்கே நான் தட்டினது உங்களுக்குப் புது ணையாத்தான் தெரியும். பக்கத்துல 'பழைய ணை'ன்னு எழுதி வைக்கிறதைத் தவிர வேற வழி தெரியலை.

உங்ககிட்ட இப்படி எழுதி வச்சது இருந்தா, திருத்தாம அப்படியே சொல்லுங்க மக்களே.