நெஞ்சு அடித்த இரவுகளும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

நாற்பது வருடங்கள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். ஒரு செய்தியை இரண்டாவது இடத்தில் உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது அங்கே நான் கற்ற முதற்பாடம். என் உடம்பைப் பற்றிய செய்தியொன்றுக்கும் அந்தப் பாடம் தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

அறுபத்தாறாம் வயதில் அது ஆரம்பித்தது. திடீரென நெஞ்சு படபடவென்று அடிக்கும். சட்டை நனையுமளவுக்கு வியர்க்கும். தலை பிளப்பது போலிருக்கும். அவ்வேளையில் வீட்டுக் கருவியில் அளந்தால் குருதி அமுக்கம் 190/110 காட்டும். அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மனைவி பயந்துபோனாள். நான் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

வைத்தியர் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பியில் தோன்றும் ஓர் அரிய கட்டியைப் பற்றிச் சொன்னார். ஃபியோகுரோமோசைற்றோமா என்பது அதன் பெயர். அதிரீனலின் வகைச் சுரப்புகளை அது நினைத்த நேரத்தில் இரத்தத்தில் கொட்டும். “கொட்டும் நேரம் பார்த்து இரத்தம் எடுக்க முடியுமா?” என்று கேட்டேன். அது தேவையில்லை என்றார். அந்தச் சுரப்புகள் கட்டிக்குள்ளேயே இடைவிடாது மெற்றாநெஃப்ரின்களாக மாறி, இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்குமாம். குடத்தைக் கவிழ்ப்பது எப்போதாவதுதான். ஆனால் ஓட்டைக் குடத்தின் அடி எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். எனவே சாதாரண நாளொன்றிலேயே அதைக் கண்டுபிடிக்கலாம். முடிவு வரும்வரை படபடப்பை அடக்கும் குளிசை தரவும் அவர் மறுத்தார். கட்டி இருந்து, அந்த வகைக் குளிசையை முதலில் தனியே கொடுத்தால் அமுக்கம் ஆபத்தாக ஏறிவிடக்கூடும் என்பது காரணம்.

நான் மாடிப்படி ஏறிப் போய், கதிரையில் அமர்ந்தவுடன் இரத்தம் எடுத்தார்கள். முடிவில் மெற்றாநெஃப்ரின் 0.3 நானோமோல், அது சரி. நோர்மெற்றாநெஃப்ரின் 1.6. அந்த ஆய்வுகூடத்தின் மேலெல்லை 1.0. அன்றிரவு நான் உறங்கவில்லை. உயில் எழுதுவதைப் பற்றிக்கூட யோசித்தேன்.

மறுநாள் வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஸ்கான் எடுக்க இன்னும் அவசரமில்லை என்றார். இந்தப் பரிசோதனை கட்டியைத் தவறவிடுவது மிக அரிது. ஆனால் கட்டி இல்லாதவரையும் சில வேளைகளில் குற்றஞ்சாட்டும். உயர் அமுக்கம் உள்ள ஆயிரம் பேரைச் சோதித்தால் கட்டி இருப்பது நாலைந்து பேருக்கே; எல்லையைத் தாண்டுபவர்களோ சுமார் நூறு பேர். எல்லையின் மூன்று நான்கு மடங்குக்கு மேல் ஏறினால் சந்தேகம் வலுக்கும். என்னுடையது இரு மடங்குகூட இல்லை. வயது முதிர்ந்தவர்களின் அதிரீனலில் தீங்கற்ற சிறு முடிச்சுகள் இருப்பது சாதாரணம். இப்போதே ஸ்கான் எடுத்து அப்படி ஒன்றைக் கண்டால், குழப்பம் இரட்டிப்பாகும்.

“என்னென்ன குளிசை போடுகிறீர்கள்?” என்று கேட்டார். அக்கி வந்து மாறிய பின் எஞ்சிய நரம்பு வலிக்கு இரவில் அமிற்றிப்ரிலின் போட்டுவந்தேன். சிறிய அளவு என்பதால் முதலில் சொல்லவில்லை. பிழை என்னுடையதே. நரம்பு நுனி வெளிவிடும் நோரதிரீனலினை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ள அந்தக் குளிசை விடுவதில்லை. மிஞ்சுவதில் ஒரு பங்கு நோர்மெற்றாநெஃப்ரினாக மாறுகிறது. அமர்ந்த நிலையில் இரத்தம் எடுத்ததும் அதே அளவையே உயர்த்தும். கட்டியில்லாமலே ஒரு பொய்ச்சாட்சி தயாராகிவிட்டது.

அவர் சொன்னபடி குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அதன்பின் இரண்டு வாரம் காத்திருந்தேன். இம்முறை தாதி முதலில் கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, என்னை அரைமணி நேரம் அசையாமல் படுக்கவைத்து, பிறகே இரத்தம் எடுத்தார். நோர்மெற்றாநெஃப்ரின் 0.7. வைத்தியர் கட்டியைப் பற்றிய கோப்பை மூடினார்.

“அப்படியானால் என் நெஞ்சு ஏன் அடிக்கிறது?” என்றேன். படபடப்பு வந்த வேளைகளை ஒரு மாதம் குறித்துவரச் சொன்னார். குறித்தேன். ஒன்பது தடவைகளில் ஏழு, இரவில் எங்கள் படலையருகே ஏதோவொரு வாகனம் வந்து நின்ற வேளை. போர்க்காலத்தில் இந்த நாட்டில் செய்தி எழுதியவர்களுக்கு அந்த ஓசையை விளக்கவேண்டியதில்லை. யுத்தம் 2009இல் முடிந்தது. என் உடம்புக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை.

பீதியும் அந்தக் கட்டியும் வெளியே ஒரே முகம் காட்டுபவை. ஆகையால் எடுத்த எடுப்பில் “மனப்பயம்” என்று சொல்லி அனுப்பிவிடாமல், முதலில் கட்டி இல்லை என்பதை நிரூபித்த அந்த வைத்தியருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போது உளநல வைத்தியர் ஒருவரிடம் போய்வருகிறேன். நேற்றிரவும் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் இறங்கினான். நெஞ்சு அடித்தது; ஆனால் கருவியை எடுக்க நான் எழும்பவில்லை.