3ஏ எடுத்த பிள்ளை ஏன் பின்னுக்கு?

ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்த கிழமை எங்கட ஊர்களில ஒரு கதை கட்டாயம் வரும். "அந்தப் பிள்ளைக்கு 3ஏ. இந்தப் பிள்ளைக்கு 2ஏ, ஒரு பி தான். பிறகெப்படி இந்தப் பிள்ளை மாவட்ட நிலையில முன்னுக்கு நிக்குது?" பிழை விட்டிட்டாங்கள் என்றுதான் நாங்கள் உடனே நினைக்கிறோம். ஆனால் அந்த ரிசல்ட்டில் இருப்பது இரண்டு வேறு அளவுகோல்கள்.

ஏ, பி என்பவை நிலையான கோடுகள். 75 எடுத்தால் ஏ, 65 எடுத்தால் பி. பேப்பர் கஷ்டமோ லேசோ, கோடு அசையாது. கம்பஸ் அனுமதிக்கு 2001 முதல் பார்க்கப்படும் இசட் ஸ்கோர் அப்படியில்லை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் பிரிப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்து, அவற்றின் சராசரிதான் உங்கள் இசட் ஸ்கோர்.

விளங்குவதற்காக எண்களை நாங்களே போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளுக்கும் உயிரியலிலும் இரசாயனவியலிலும் ஒரே புள்ளி, இரண்டிலும் ஏ. மூன்றாவது பாடமாக ஒருத்தர் பௌதிகவியல் எடுத்து 76, மற்றவர் விவசாயம் எடுத்து 69. இரண்டு பாடத்திலும் சராசரி 50 என்று வைப்போம். பௌதிகவியலில் புள்ளிகள் பரந்து கிடக்கின்றன, நியம விலகல் 20. விவசாயத்தில் எல்லாரும் கிட்டக் கிட்ட நிற்கிறார்கள், நியம விலகல் 10. அப்ப 76 எடுத்தவருக்கு 26ஐ 20ஆல் பிரிக்க 1.3. 69 எடுத்தவருக்கு 19ஐ 10ஆல் பிரிக்க 1.9. பி எடுத்தவர் முன்னுக்குப் போயிட்டார்.

இதையே மறுபக்கமாகக் கேட்கலாம். 1.5 வேணுமென்றால் எத்தனை புள்ளி எடுக்க வேணும்? இந்தக் கணக்கில் விவசாயத்துக்கு 65, பௌதிகவியலுக்கு 80. அடுத்த வருசம் விவசாயப் பேப்பர் இறுகி, விலகல் மாறாமல் சராசரி மட்டும் 40 ஆனால், அதே 1.5க்கு 55 போதும். ஏக்கு மட்டும் அப்பவும் 75 தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இசட் ஸ்கோர் உங்களை ஒப்பிடுவது அந்தப் பாடம் எழுதிய கூட்டத்தோடு மட்டும். கெட்டிக்காரர் குவிந்த பாடத்தில் நடுவில் நிற்பதும், மற்றதில் நடுவில் நிற்பதும் அதற்கு ஒன்றுதான். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களை ஒன்றாகக் கணித்தபோது பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. தனித்தனியாகக் கணிக்கும்படி 2012இல் தீர்ப்பு வந்தது. வேறு வேறு பேப்பர் எழுதிய இரண்டு கூட்டத்துக்கு ஒரே சராசரி பொருந்தாது.

அதனால "எத்தனை ஏ?" என்று கேட்பதோடு நிற்காமல், "எந்தப் பாடம், எந்த வருசம்?" என்றும் கேட்டுப் பார்ப்போம்.