மிக்ஸிக்குப் பக்கத்தில் எதற்கு இடம்?

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் ஜூலை நடுவில்தான் நாளிதழ்களை நிறைக்கும். அவற்றுக்கான வேலை ஆனி பிறந்ததுமே தொடங்கிவிடுகிறது. சென்னை திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் அச்சகங்களை ஒட்டிச் சிறு வடிவமைப்புக் கூடங்கள் பல உண்டு. அப்படி ஒன்றில், ஒரு பாத்திரக் கடையின் கால் பக்க விளம்பரம் உருவாவதை உடனிருந்து பார்த்தேன்.

கூடத்தை நடத்துபவர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. அவரிடம் வேலை பழகும் இளைஞர் அவரை அக்கா என்றே அழைக்கிறார். விளம்பரம் 16 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். அதில் விற்க வேண்டிய பொருள் மூன்று ஜார் கொண்ட ஒரு மிக்ஸி. கடையிலிருந்து வந்த குறிப்பில் ஏழு விஷயங்கள் இருந்தன: தள்ளுபடி விழுக்காடு, பழைய விலை, புதிய விலை, இரண்டு ஆண்டு உத்தரவாதம், இலவசப் பரிசு, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் வசதி, தவணை வசதி. இவை போக, ‘ஆடிச் சிறப்பு விற்பனை’ என்ற தலைப்பு வேறு. ஏழையும் பளிச்சென்று போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

இளைஞரின் முதல் வரைவில் ஏழும் பளிச்சென்றுதான் இருந்தன. மிக்ஸியைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக முள்வட்டங்கள். மிக்ஸி மட்டும் எங்கோ நடுவில் ஒடுங்கிக் கிடந்தது.

அக்கா எதையும் அழிக்கச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் “மிக்ஸியோடது”, வலப்பக்கம் “கடையோடது” என்று எழுதினார். தள்ளுபடி, பழைய விலை, புதிய விலை, உத்தரவாதம் நான்கும் இந்த மிக்ஸிக்கு உரியவை. பரிசும் தவணையும் பழையதை மாற்றும் வசதியும் கடையில் எதை வாங்கினாலும் கிடைப்பவை. கடைக்கு உரிய மூன்றும் விளம்பரத்தின் அடியில், கடை முகவரிக்கு மேலே ஒரே பட்டையாக, ஒரே அளவு எழுத்தில் இறங்கின. பொருளைச் சுற்றி இருந்த நெரிசலில் பாதி அங்கேயே தீர்ந்தது.

மீதி நான்கில் உத்தரவாதத்துக்கும் முத்திரை தேவைப்படவில்லை. மிக்ஸியின் பெயருக்குக் கீழே ஒரு வரியாக அது அடங்கிவிட்டது. விழுக்காட்டுக்கு ஒரு வட்டம், விலைகளுக்கு ஒரு தொகுதி. பொருளைத் தொட்டு நிற்க இரண்டுக்குத்தான் அனுமதி.

வட்டத்தை எங்கே வைப்பது? விற்பனை விளம்பரம் என்றாலே வலது மேல் மூலையில் வட்டத்தைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்தக் கூடத்தில் முதலில் பொருளின் வெளிக்கோட்டைப் பார்க்கிறார்கள். இந்தப் படத்தில் ஜாரின் கைப்பிடி வலப்பக்கம் நீண்டிருந்தது. வலது மேல் மூலையில் வட்டம் வந்தால் கைப்பிடி மறையும். கைப்பிடி இல்லாத ஜார் தூரத்திலிருந்து வெறும் டப்பாவாகத்தான் தெரியும். இடப்பக்கம் ஜாரின் தோளுக்கு வெளியே நல்ல வெற்றிடம் இருந்தது. வட்டம் அங்கே போனது. பொருளை அடையாளம் காட்டும் பாகங்களையும் நிறுவனத்தின் பெயரையும் வேகத்தை மாற்றும் திருகையும் எந்த முத்திரையும் தொடக்கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு.

இடம் சரிதான். ஆனாலும் ஏதோ உறுத்தியது. வட்டத்தின் விளிம்பும் ஜாரின் விளிம்பும் உரசிக்கொண்டு நின்றன.

“தம்பி, அது ஒட்டியும் ஒட்டாம நிக்குது பாரு. ஒண்ணு உள்ள தள்ளு, இல்ல நல்லா வெளிய இழு” என்றார் அக்கா.

இரண்டு விளிம்புகள் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டால் கண் அந்தப் புள்ளியிலேயே சிக்கிக்கொள்ளும். எது முன்னே, எது பின்னே என்பதும் குழம்பிவிடும். இளைஞர் வட்டத்தை ஜாரின் மேல் அரை சென்டிமீட்டர் ஏற்றினார். வட்டத்தின் விட்டம் மூன்று சென்டிமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு பொருளின் மேல் விழுந்தது. உடனே வட்டம் முன்னுக்கு வந்தது, ஜார் பின்னால் முழு உருவத்தோடு நின்றது. தள்ளுபடி இந்த மிக்ஸிக்குத்தான் என்பதும் சொல்லாமலே விளங்கியது.

வட்டத்துக்குள் தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டியிருக்கிறது. ‘தள்ளுபடி’ அகலமான சொல். அதைப் பெரிதாக்க நினைத்து ‘தள்ளு’, ‘படி’ என்று இரண்டு வரியாக உடைப்பவர்கள் உண்டு. அக்கா எண்ணைப் பெரிதாக்கி, சொல்லை அதன் கீழே ஒரே வரியில் சிறிதாக வைத்தார். ‘ளு’ கீழே இறங்கும், ‘டி’யின் கொக்கி மேலே ஏறும். அதனால் எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவே ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டார்.

அந்த எண்ணிலேயே ஒரு சிக்கல் இருந்தது. அதிகபட்ச விலை ₹4,995, கடை சொன்ன விலை ₹3,499. குறைவது ₹1,496, அதாவது 29.95 விழுக்காடு. வட்டத்தில் 30 என்று போடச் சொல்லியிருந்தார்கள். அக்கா கடைக்குத் தொலைபேசியில் பேசினார். “சார், மூணு ரூபா குறைச்சா முப்பதுன்னு தைரியமா போட்டுடலாம்.” விலை ₹3,496 ஆனது.

விலைத் தொகுதி மிக்ஸியின் அடிப்பாகத்துக்கு வலப்பக்கம் அமர்ந்தது. இடப்பக்கம் மேலே வட்டம், வலப்பக்கம் கீழே விலை. நடுவில் குறுக்காகப் பொருள். பார்வை வட்டத்திலிருந்து பொருளின் வழியாக விலைக்கு இறங்குகிறது. பழைய விலை சாம்பல் நிறத்தில், மெல்லிய கோட்டால் அடிக்கப்பட்டு, புதிய விலையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றது. கோடு தடித்தால் பழைய விலையைப் படிக்க முடியாது. படிக்க முடியாவிட்டால் எவ்வளவு குறைந்தது என்பதே தெரியாது. ₹ குறி 2010இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அது இருப்பதில்லை. வேறு எழுத்துருவிலிருந்து எடுத்தால் குறியின் கோடு எண்ணைவிட மெலிந்தோ தடித்தோ போகும். அக்கா குறியை எண்ணின் பாதி உயரத்துக்குச் சுருக்கி மேலே ஏற்றி வைக்கிறார். அப்போது தடிமன் வேறுபாடு உறுத்துவதில்லை.

வடிவம் முடிந்ததும் சோதனை. முதலில் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல். வண்ணத்தில் துலக்கமாக இருந்த சிவப்பு வட்டம் அதில் இருண்டு, நீலப் பின்னணியோடு கலந்துவிட்டது. சாயல் மட்டுமே வேறு, வெளிச்ச அளவு ஒன்று என்பதுதான் காரணம். பின்னணியை வெளிறிய மஞ்சளாக மாற்றியதும் வட்டம் தனித்து எழுந்தது.

அடுத்தது நாளிதழ்த் தாளுக்கான சோதனை. அச்சில் சிவப்பு என்பது மெஜந்தா, மஞ்சள் என்ற இரண்டு மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. வேகமாக ஓடும் எந்திரத்தில் ஒரு மை மயிரிழை விலகினாலும் சிவப்புக்குள் இருக்கும் சிறிய வெள்ளை எழுத்து அடைந்துபோகும். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பவும் செய்யும். அதனால் வட்டத்துக்குள் எண்ணும் ‘தள்ளுபடி’யும் தடித்த எழுத்தில் மட்டுமே வெள்ளையாக நின்றன. அடிப்பட்டையில் இருந்த நிபந்தனை வரி மஞ்சள்மேல் கறுப்பில் போனது. அதுவும் தமிழில், மேலே உள்ள அதே எழுத்துருவில். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க இந்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நிபந்தனையின் மொழியும் எழுத்துருவும் விளம்பர வாசகத்தோடு ஒத்திருக்கக் கேட்கின்றன.

மாலையில் கடைக்காரர் வந்தார். பரிசுக்கு ஒரு வட்டமாவது வேண்டும் என்று வற்புறுத்தினார். அக்கா வாதாடவில்லை. அந்த வட்டத்தைச் சேர்த்து ஒன்றும் சேர்க்காமல் ஒன்றுமாக இரண்டு நகல்களைச் சுவரில் ஒட்டி, அவரை எதிர்ச் சுவர் வரை பின்னால் போகச் சொன்னார். சேர்த்த நகலில் அங்கிருந்து இரண்டு வட்டங்கள்தான் தெரிந்தன, விலை தெரியவில்லை. அவர் சேர்க்காததைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

இணையக் கடைக்கும் அதே மிக்ஸியின் படம் கேட்டிருந்தார். அமேசானில் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும், எழுத்தோ முத்திரையோ கூடாது. விலையையும் தள்ளுபடியையும் தளமே படத்துக்குப் பக்கத்தில் காட்டிவிடுகிறது. இளைஞர் கோப்பைத் திறந்து வட்டம், விலை, பட்டை எல்லாவற்றையும் அணைத்தார். ஜாரின் மேல் அரை சென்டிமீட்டர் ஏறியிருந்த வட்டம் விலகியதும் அங்கே ஒரு கீறலின் பளபளப்பு தெரிந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார்.