ஐந்து விநாடி காத்திருக்கும் அம்மா

ஆக்லாந்து, நியூசிலாந்து



இங்கே குழந்தைகள் பெரும்பாலும் ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டிப் பள்ளியில் சேர்கிறார்கள். ஆகவே ஒரே வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளையும் இருக்கும், கடகடவென்று வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கக் கேட்க, ஆசிரியை ஒருவருக்கு நேரம் போதாது. அதற்குத்தான் பெற்றோரை அழைக்கிறார்கள்.

என் மகளின் வகுப்பாசிரியை இந்த வாரம் எல்லா வீடுகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். வாரம் ஒரு காலை வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் ஒரு தாய்க்கு அதில் நன்றி சொல்லியிருந்தார். அவர் நேரம் ஒதுக்கியதற்கு மட்டுமல்ல. பிள்ளை தடுமாறும்போது சட்டென்று சொல்லிக்கொடுக்காமல் பொறுத்திருந்ததற்கும்தான் அந்த நன்றி.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. 1970களில் தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரேயில் டெட் கிளின், ஸ்டூவர்ட் மெக்நாட்டன், விவியன் ராபின்சன் ஆகியோர் பெற்றோருக்காக உருவாக்கியது அது. காத்திருப்பது, துப்புக் கொடுப்பது, பாராட்டுவது என்று மூன்றே படிகள்.

ஒரு சிறுவன் 'ஷிப் சேற்றில் நிற்கிறது' என்ற பொருள் தரும் ஆங்கில வரியை வாசிக்கிறான் என்று வையுங்கள். 'ஷிப்' என்பதை 'ஷாப்' என்கிறான். உடனே குறுக்கிடக் கூடாது. ஐந்து விநாடியோ, வரி முடியும் வரையோ காத்திருக்க வேண்டும். கடை எப்படிச் சேற்றில் நிற்கும் என்று அவனே திரும்பி வந்து திருத்தக்கூடும். திருத்தாவிட்டால் நடு எழுத்தின் கீழே விரல் வைத்து, 'இது என்ன ஒலி?' என்று கேட்கலாம். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வது முன்பு வழக்கமாக இருந்தது. 2025 முதல் அரசுப் பள்ளிகளில் ஒலிகளை வரிசையாகக் கற்பிப்பதால், இப்போது துப்பும் எழுத்திலிருந்தே வருகிறது. இரண்டு துப்புக் கொடுத்தும் வராவிட்டால், சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். பாராட்டும்போது 'கெட்டிக்காரன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'நீயே திரும்பி வந்து திருத்தினாயே' என்று செய்ததைச் சொல்ல வேண்டும்.

பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அவனுக்குக் கடினம். வற்புறுத்தி முடிக்கவைக்காமல் ஆசிரியையிடம் சொல்லிவிட வேண்டும். தடுக்கிய சொற்களை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், மறுநாள் எந்த ஒலியைக் கற்பிப்பது என்று அவருக்குத் தெரியும்.

குறிப்பின் கடைசியில் அழைப்பு: தாத்தா, பாட்டியும் வரலாம், ஆங்கில உச்சரிப்பு வேறுபட்டாலும் தடையில்லை, பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும், எந்தப் பிள்ளை எப்படி வாசிக்கிறது என்பதை மட்டும் வெளியே பேசக் கூடாது. புதன்கிழமைக் காலைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆக்லாந்து நண்பர்