வினையைக் கடைசிக்கு வைக்கிற பழக்கம்



பிரான்ஸிலை இருக்கிற கணவரிட்டைப் போறதுக்காகப் பிரெஞ்சு படிக்கிற ஒரு பிள்ளை பின்னேரத்திலை எங்கட வீட்டை வாறவ. சொற்கள் நிறையத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் பாதியிலை நிண்டுவிடும். ஒரு நாள் "நான் நாளைக்கு அம்மாவோட பாரிஸுக்குப் போறன்" எண்டு சொல்லச் சொன்னன். "ஜெ துமேன் மா மேர் அவெக் பாரி..." எண்டு தொடங்கி, "வினை எங்க சேர் வரும்?" எண்டு கேட்டா.

பிழை சொல்லிலை இல்லை. தமிழிலை வினை கடைசியிலை வரும். அதனால் மனசு அதுவரைக்கும் வினையைக் கையிலை பிடிச்சுக்கொண்டே போகும். பிரெஞ்சிலை எழுவாய் முடிஞ்சவுடனை வினை வரவேணும்.

நான் சொல்லிக் குடுத்த வழி இதுதான். தமிழ் வசனத்தை ஒரு துண்டிலை எழுதுங்கோ. "நான்" எண்டதை அப்படியே விடுங்கோ. பிறகு கடைசிச் சொல்லிலை இருந்து பின்பக்கமாக வாங்கோ: போறன், பாரிஸுக்கு, அம்மாவோட, நாளைக்கு. பிரெஞ்சு வசனம் அதே வரிசையிலை வந்துவிடும்: "ஜெ வே ஆ பாரி அவெக் மா மேர் துமேன்." ஒரு சொல்லுக்குள்ளையும் இதே கதைதான். "பாரிஸ்" முன்னுக்கும் "க்கு" பின்னுக்கும் இருக்கிறது, அங்கை "ஆ பாரி" எண்டு திரும்புது. "அம்மாவோட" எண்டதும் "அவெக் மா மேர்" ஆகுது.

இரண்டு நாளிலை பிள்ளை இதைப் பிடிச்சிட்டா. அதுக்குப் பிறகுதான் அடுத்த பிழை வந்தது. "மரியத்தைத் தேடுறன்" எண்டதுக்கு "ஜெ ஷெர்ஷ் மரியம்", அது சரி. "அவளைத் தேடுறன்" எண்டதுக்கும் அதே மாதிரி "ஜெ ஷெர்ஷ் லா" எண்டா. பிரெஞ்சுக்காரருக்கு அது "அங்கை தேடுறன்" எண்டுதான் கேக்கும். சரியானது "ஜெ லா ஷெர்ஷ்". அவளை, அவனை, அதை எண்டு சுட்டுப்பெயர் செயப்படுபொருளாக வந்தால் வினைக்கு முன்னுக்குப் போகும், தமிழைப் போலவே! புதுப் பழக்கம் இங்கை மிஞ்சிப்போகுது. (மத்ரஸாவிலை அரபு படிச்ச எங்களுக்கு இது இன்னும் கஷ்டம். அரபிலை அந்தச் சுட்டுப்பெயர் வினைக்குப் பின்னாலை ஒட்டும்.)

அதனால் இப்ப ஒரே வினையை இரண்டு விதமாகச் சொல்லிப் பழக்குறன். முதலிலை பெயரோட, பிறகு அதே பெயருக்குப் பதிலாகச் சுட்டுப்பெயரோட. "ஜெ ஷெர்ஷ் மரியம். ஜெ லா ஷெர்ஷ்." பிள்ளை நிக்காமல் சொல்லும்வரைக்கும் அடுத்த வினைக்குப் போறதில்லை. எழுதிப் பார்க்கவும் விடுறதில்லை, எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கும், நேர்முகத்திலை அது கிடைக்காது.

நேற்றுப் போகும்போது வாசலிலை செருப்பைத் தேடிக்கொண்டு தானாகவே "ஜெ லே ஷெர்ஷ்" எண்டா. செருப்பு இரண்டு எண்டபடியால் "லே", அதுவும் சரி.