உயரம் என்றால் எந்த உயரம்?

கொல்கத்தாவின் முதியவர்களுக்கு 2014 ஒரு திருப்புமுனை ஆண்டு. அதை அவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் மாருதி நிறுவனம் செலேரியோவை அறிமுகப்படுத்தியது. குறைந்த விலையில் கிளட்ச் மிதி இல்லாத கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கியது அதன்பிறகுதான். அதே ஆண்டு மே மாதத்தில் நகருக்கு வடக்கே உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. இடது காலுக்கு ஓய்வு தரும் கார் வந்தது; நாற்காலியில் அமர்வதுபோல் அமரவைத்த கார் போனது. முதிய பெற்றோருக்குக் கார் தேடுபவர்கள் இன்றும் இவ்விரு பண்புகளையும் ஒரே வண்டியில்தான் தேடுகிறார்கள்.

லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அனுபவம் இதற்குப் பொருந்தும். தந்தைக்கு 74 வயது. ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் ஓட்டியவர். வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். அவர் இனியும் ஓட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். பக்கத்து இருக்கையில் அமர்ந்தால் போதும் என்பது மகளின் விருப்பம். இருவரும் உடன்பட்டது ஒன்றில் மட்டுமே: வாங்கப்போகும் வண்டி 'உயரமாக' இருக்க வேண்டும்.

சிக்கல் அந்தச் சொல்லிலேயே தொடங்கியது. விற்பனையாளர் 'உயரம்' என்றபோது தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி வரை உள்ள இடைவெளியைச் சொன்னார். மழைநீர் தேங்கும் நகரில் அது பயனுள்ள அளவுதான். ஆனால் முழங்காலுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. விளம்பரத் தாளில் அச்சாகியிருந்த உயரமோ கூரையின் உயரம். அது தலைக்குரியது. தந்தைக்கு வேண்டிய மூன்றாவது உயரம், அதாவது தரையிலிருந்து இருக்கையின் விளிம்பு வரை உள்ள உயரம், எந்தத் தாளிலும் இல்லை. அதை டேப் கொண்டு அளந்துதான் அறிய வேண்டும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவர்கள் வீட்டிலேயே கண்டறிந்தார்கள். 43 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழத் தந்தை இரு கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது. மடித்த சமுக்காளங்களை ஒவ்வொன்றாக அடுக்கி உயர்த்தியபோது, ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கை ஊன்றாமல் எழுந்தார். 60-ஐ நெருங்கியபோது குதிகால் தரையை விட்டு விலகியது. அதற்குமேல் அவர் அமரவில்லை, ஏறினார். ஆக அவருக்குரிய எல்லை 50 முதல் 58 வரை. இந்த எண் அவருடைய காலுக்கு மட்டுமே உரியது; குள்ளமான தாய்க்கு அது வேறாக இருக்கும். காரின் மெத்தை எடையில் அமுங்கும் என்பதால், அவரை அமரச்செய்த பின்னரே விளிம்பை அளந்தார்கள். தாழ்வான செடான் 45 காட்டியது. பெரிய எஸ்யூவி 70-ஐத் தாண்டியது. பெரிது என்பதாலேயே ஏற எளிது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. வேகன்ஆர் போன்ற உயர்கூரை ஹேட்ச்பேக் வகையில் ஒரு வண்டி 56-இல் நின்றது.

அளவு பொருந்தினாலும் அமரும் முறை எஞ்சியிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலது கதவு வழியே ஏறுகிறார். வழக்கம்போல முன்னோக்கி நின்று ஏறினால் இடது கால் முதலில் உள்ளே போகும். உடலின் முழு எடையும் வலது காலில் நிற்கும். வலது முழங்கால் வலிப்பவருக்கு அதுவே கடினமான நொடி. பக்கத்து இருக்கைக்கு இடது கதவு வழியே ஏறும்போது எடை நல்ல காலில் நிற்கும். ஆனால் வலிக்கும் காலை மடக்கித் தூக்கிக் கதவடியைத் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: வண்டிக்கு முதுகைக் காட்டி, இரு கால்களும் தரையிலிருக்க முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவது. அதற்கு இருக்கை முன்கூட்டியே பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கமென்றால் ஸ்டியரிங்கை மேலே சாய்க்க முடிய வேண்டும். கதவு முழுதாகத் திறக்க வேண்டும்.

"ஏறிட்டேனேம்மா, இறங்கறது என்ன பெரிய விஷயம்?" என்றார் தந்தை. இறங்குவதுதான் பெரிய விஷயம் என்பதை வீட்டு வாசல் காட்டியது. மகள் பழக்கப்படி வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்தினார். நடைபாதை சாலையைவிட 15 செ.மீ. உயரம். தந்தையின் கால் ஊன்றிய இடத்திலிருந்து இருக்கை இப்போது 41 செ.மீ.தான், வீட்டு நாற்காலியைவிடத் தாழ்வு. ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தியதும், சாலையில் கால் வைத்து எளிதாக எழுந்தார்.

அடுத்தது கியர். விலை குறைந்த தானியங்கி வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஏ.எம்.டி.; வழக்கமான கியர்ப்பெட்டிதான், கிளட்சையும் கியரையும் இயக்குவது மட்டும் இயந்திரம். கியர் மாறும்போது வண்டி சற்றே தயங்கித் தலையசைக்கும். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் வகைகள் இன்னும் மென்மையானவை, விலையும் கூடியவை. சமதளமான கொல்கத்தாவில் இவற்றைச் சோதிக்கச் சரிவு தேடினால் மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும். பாலிகஞ்சையும் கஸ்பாவையும் இணைக்கும் பிஜன் சேதுவின் ஏற்றத்தில், நெரிசலில் நின்று, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார் மகள். சரிவில் தாங்கும் வசதி இருந்ததால் வண்டி பின்னால் உருளவில்லை. அது இல்லாத ஏ.எம்.டி.யை அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

ஆனால் தானியங்கி விடுவிப்பது இடது காலை. வலிப்பதோ வலது கால். கியரில் நிற்கும் தானியங்கி வண்டி, பிரேக்கை விட்டதும் தானாக ஊரத் தொடங்கும். ஆகவே கரியாஹாட் சந்திப்பின் நீண்ட சிவப்பு விளக்கில் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது நியூட்ரலுக்கு மாற்றிக் கை பிரேக்கை இழுக்க வேண்டும். இடது காலுக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. முதல் நாள், நிற்கும் தறுவாயில் அது முப்பதாண்டு நினைவில் கிளட்சைத் தேடிச் சென்று, அகன்ற பிரேக் மிதியை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. வெறிச்சோடிய காலைச் சாலையில் நடந்ததால் ஆபத்தில்லை. அன்றுமுதல் இடது காலை இருக்கையோடு ஒட்டி மடக்கி வைப்பதைத் தந்தை பயிற்சியாகவே செய்தார்.

முடிவை நாற்பது நிமிட நெரிசல் ஓட்டம் எடுத்தது. இருபது நிமிடம் வரை முழங்கால் பொறுத்தது. அதன்பின் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாறுவதில் தாமதம் தெரிந்தது. அதை முதலில் சொன்னவர் மகள் அல்லர், தந்தையே. அந்த 56 செ.மீ. வண்டியை வாங்கினார்கள். காலைச் சந்தைக்கும் ஏரிக்கரை நடைக்கும் அவரே ஓட்டுகிறார். மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் மகள் ஓட்டுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஓட்டத்தை மீண்டும் செய்து பார்ப்பது என்றும், இருபது நிமிடம் பத்தாகக் குறைந்தால் சாவி கைமாறும் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாவி யார் கையில் போனாலும் இருக்கையின் உயரம் வீணாகாது; இடது கதவிலும் அது 56-தான்.