திரும்பி வரும் யூனிட்டுகள்

கேஎல் சென்ட்ரல் இருக்கும் இடம் முன்பு ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு. பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர்களுக்குப் பெட்டிகள் மோதிக்கொள்ளும் அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எனக்கு வாய்த்த வேலை சத்தமில்லாதது. ஒரு மின்ரயில் ஒரு பயணத்துக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கணக்குப் போட வேண்டும். 1995 முதல் ஓடும் கோமுட்டரில் கிள்ளான் போகிறபோதெல்லாம் இந்தக் கணக்கு மனதில் ஓடும்.

மாதிரிக்கு ஒரு ரயிலை எடுத்துக்கொள்கிறேன். ஆறு பெட்டி, பயணிகளோடு 250 டன், தூரம் 30 கி.மீ. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. எந்த வண்டியிலும் அளந்தவை அல்ல. நிறுத்தங்கள் மட்டும் உண்மையானவை. கேஎல் சென்ட்ரலிலிருந்து அப்துல்லா ஹுக்கும், அங்காசாபுரி, பந்தாய் டாலாம் என்று எண்ணிக்கொண்டே போனால் கிள்ளான் பதினான்காவது.

ஒவ்வொரு முறையும் ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது என்று வைப்போம். சக்கரமும் மோட்டாரும் சுழல்வதற்கும் சக்தி வேண்டும் என்பதால் எடையில் 8 விழுக்காடு கூட்டிக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரு தடவை வேகம் பிடிக்க 23.4 யூனிட். பதினான்கு தடவைக்கு 328. காற்றும் தண்டவாளமும் இழுப்பதை ஈடுகட்ட, வழி முழுவதற்கும் 104 யூனிட் போதும். நின்று நின்று போகிற ரயிலுக்குச் செலவு வைப்பது தூரத்தைவிட நிறுத்தங்கள்தான்.

இரண்டையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது. பிரேக் போடும் தூரத்தில் இழுவையும் ரயிலைத் தடுக்கிறது. அந்த 22 யூனிட்டை இரண்டு முறை எண்ணியிருப்போம். அதைக் கழித்தால் சக்கரத்தில் 410. மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் போகும் நட்டத்துக்கு 0.85-ஆல் வகுத்தால் 482. ஏர்கோன், விளக்கு, கம்பிரசருக்கு 150 கிலோவாட் வீதம் 50 நிமிடம், 125 யூனிட். நம் ஊர் வெயிலில் இதைக் குறைத்துப் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மொத்தம் 607.

அடுத்தது பிரேக்கில் திரும்பும் மின்சாரம். நான் முதன்முதலில் சறுக்கியதும் இங்கேதான். தகவல் தாளில் ‘மீட்பு 60 விழுக்காடு’ என்று இருந்தது. 607-இல் 60 விழுக்காட்டைக் கழித்து 243 என்று எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்த மூத்த பொறியாளர், “தம்பி, ஏர்கோனுக்கும் காத்துக்கும் என்ன கொடுத்தீங்க?” என்றார். ஏர்கோன் வகையில் 125, இழுவைக்கு நட்டத்தோடு 122, சேர்த்து 247. பிரேக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த இரண்டும் திரும்பி வராது. என் விடை அந்த 247-க்கும் கீழே இருந்தது.

அந்த 60, பிரேக்கில் கரையும் சக்தியின் பங்கு. அந்தச் சக்தி 328-இல் 22 போக 306. அதில் 60 விழுக்காட்டை மோட்டார் பிடித்தால் 184; மீதியைக் காற்றுப் பிரேக் சூடாக்கிவிடும். 184-உம் அதே மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் வழியே போவதால் மேல்கம்பிக்குச் சேர்வது 156. நிகரச் செலவு 451. தாளில் 60 என்று இருந்தது மொத்தத்தில் 26 விழுக்காடுதான்.

அந்த 156-ஐ வாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும். கோமுட்டரின் மேல்கம்பியில் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம் ஓடுகிறது. அதே பகுதியில் வேறு ரயில் இல்லாவிட்டாலும், டிரான்ஸ்ஃபார்மர் வழியே மின்வாரியப் பக்கம் போகலாம். போனதற்குக் கட்டணத்தில் கழிவு கிடைக்குமா என்பது ஒப்பந்த விஷயம். கிளானா ஜெயா எல்ஆர்டி 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. அத்தகைய பாதையில் துணைமின்நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவி இல்லையென்றால், பக்கத்தில் வேகம் பிடிக்கிற ரயில் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னழுத்தம் எகிறும். ரயில் மின்தடையிலோ காற்றுப் பிரேக்கிலோ சூடாக்கிக் கழித்துவிடும். ஆகவே ராத்திரி கடைசி ரயிலையும் காலை நெரிசல் ரயிலையும் ஒரே விழுக்காட்டில் கணக்கிடக் கூடாது.

வேகத்தைக் குறைத்தாலும் இதே கதைதான். உச்சத்தை 90-லிருந்து 80 ஆக்கினால் கிள்ளானுக்கு ஒன்றரை நிமிடம் தாமதம். மீட்பு இல்லாத ரயிலில் 70 யூனிட் மிச்சம். மீட்பு உள்ள ரயிலில் 40-க்குச் சற்றுக் குறைவுதான், ஏனென்றால் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி எப்படியும் திரும்பி வந்திருக்கும். பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர் போல நிலையங்கள் நெருங்கிய இடத்தில் 90-ஐத் தொடுவதற்குள் பிரேக் போட வேண்டி வரலாம். அங்கே என் சராசரிக் கணக்கு கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் தனியாகப் போடுவதே சரி.

மீட்பு விழுக்காடு என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எதில் அத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், ரயிலின் மின்மானியில் எடுத்ததற்கு ஓர் எண்ணும் திருப்பியதற்கு ஓர் எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் வாங்கிப் பாருங்கள்.